டேட்டிங் ஆப்பில் பழகியவரை முதல்முறை நேரில் சந்திக்கப் போறீங்களா? இடத்தை யார் முடிவு செய்றாங்கன்னு முதல்ல பாருங்க!

டெல்லியில் சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு இளைஞர். டேட்டிங் ஆப்பில் ஒரு பெண்ணின் அறிமுகம் கிடைக்கிறது. வாட்ஸ்அப்பில் பேச்சு நீள்கிறது. 2024 ஜூன் மாதம், தனது பிறந்தநாளைக் கொண்டாடலாம் என்று அந்தப் பெண் அழைக்க, லட்சுமி நகர் விகாஸ் மார்க் பகுதியில் உள்ள ஒரு கஃபேக்கு இளைஞர் போகிறார்.

கொஞ்சம் ஸ்நாக்ஸ், கேக், ஆல்கஹால் இல்லாத சில பானங்கள். அவ்வளவுதான் ஆர்டர். திடீரென வீட்டில் ஏதோ அவசரம் என்று சொல்லி அந்தப் பெண் கிளம்பிவிடுகிறார். பிறகு பில் வருகிறது. தொகை 1 லட்சத்து 21 ஆயிரம் ரூபாய்க்கும் மேல்!

தர முடியாது என்று மறுத்தவரை, மிரட்டி, வெளியே விடாமல் வைத்துப் பணத்தை வாங்கியதாகப் புகார். இளைஞர் ஆன்லைனில் பணத்தைக் கட்டிவிட்டு, நேராகப் போலீஸுக்குப் போனார். விசாரணையில் கஃபே உரிமையாளர்களில் ஒருவரும் அந்தப் பெண்ணும் கைதானார்கள். அந்தப் பெண் ஆப்பில் வைத்திருந்த பெயரே பொய் என்றது போலீஸ்.

அதே 2024-ல் ஹைதராபாத், மும்பை நகரங்களிலும் இதேபோன்ற புகார்கள் எழுந்தன. ஊர் வேறு, கடை வேறு, ஆனால் கதை ஒன்றுதான்.

இந்த மோசடி எப்படி நடக்குது?

டெல்லி வழக்கில் போலீஸ் சொன்ன கணக்கு கவனிக்க வேண்டியது. பில்லில் வரும் பணத்தில் 15 சதவீதம் அழைத்து வரும் பெண்ணுக்கு, 45 சதவீதம் மேனேஜர்களுக்கு, மீதி 40 சதவீதம் உரிமையாளர்களுக்கு. அதாவது இது ஒரு தனிநபர் செய்த ஏமாற்று வேலை இல்லை. பங்கு பிரித்து நடத்தப்பட்ட ஒரு தொழில்.

இங்கேதான் பலரும் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. டேட்டிங் ஆப் பாதுகாப்பு என்றாலே "போட்டோ உண்மையா? ஆள் உண்மையா?" என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். ஆனால் டெல்லியில் வந்தது நிஜமான ஆள். வீடியோ கால் பேசியிருந்தாலும் அதே முகம்தான் தெரிந்திருக்கும். பெயர் பொய் என்பதை வீடியோ கால் காட்டிக்கொடுக்காது. பொறி இருந்தது அந்த இடத்தில். கடை, மெனு, வாசலில் நிற்கும் ஆட்கள் என எல்லாமே ஒரு தரப்பின் கையில் இருந்தது.

அதனால் முதல் சந்திப்புக்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி "அவர் யார்?" என்பது மட்டும் இல்லை. "இந்த இடத்தை யார் தேர்வு செய்தது, ஏன் இந்த இடம்?" என்பதும்தான்.

இடத்தை வைத்து எப்படி கண்டுபிடிப்பது?

ஒருவர் தனக்குப் பிடித்த கடையைச் சொல்வதில் தப்பே இல்லை. எல்லோரும் செய்வதுதான். வித்தியாசம் தெரிவது, நீங்கள் வேறு இடம் சொல்லும்போது.

"அங்க வேண்டாம், மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துல ஒரு காபி ஷாப் இருக்கு, அங்க பார்க்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். சாதாரணமாகச் சந்திக்க வருகிறவருக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே இருக்காது. உங்களைக் குறிப்பிட்ட ஒரு கடைக்கு அழைத்துப் போவதுதான் வேலை என்றால், எந்த மாற்று இடமும் அவருக்குச் சரிப்படாது. "அங்க கூட்டமா இருக்கும்", "இங்க எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க", "என் பிறந்தநாளுக்கு இதுகூட செய்ய மாட்டியா?" என்று சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கே வந்து நிற்பார்.

இன்னொரு வகையும் உண்டு. நீங்கள் சொன்ன இடத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டு, சந்திக்கும் இடத்திலிருந்து "வாங்க, பக்கத்துலயே ஒரு நல்ல கடை இருக்கு" என்று நகர்த்துவது. அல்லது கடைசி அரை மணி நேரத்தில் "என் ஃபிரெண்டோட ஃபிளாட்டுக்கு வந்துடுங்க" என்று மெசேஜ் போடுவது. முதல் சந்திப்பில் இடம் மாறினால், பதிலும் ஒன்றே ஒன்றுதான்: "இன்னைக்கு வேண்டாம், இன்னொரு நாள் பார்க்கலாம்."

இந்த ஒரு வரிக்கு எதிர்த்தரப்பு எப்படி நடந்துகொள்கிறது என்பதே பாதி விடை. கோபம், கெஞ்சல், "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்ற கேள்வி எல்லாம் வந்தால், நீங்கள் போகாமல் இருந்தது நல்லது என்று அர்த்தம்.

கடைக்குள் போய்விட்டீர்களா? விலை போட்ட மெனு கார்டைக் கேட்டு வாங்குங்கள். "மெனு இல்லை சார், என்ன வேணும்னு சொல்லுங்க" என்றாலோ, உடன் வந்தவர் மெனுவைப் பார்க்காமலே ஆர்டர்களை அடுக்கினாலோ அங்கேயே உஷாராகிவிட வேண்டும். மெனு பக்கத்தை போனில் ஒரு போட்டோ எடுத்து வைப்பது, பில் வரும்போது கைகொடுக்கும்.

ப்ளூ டிக் இருந்தா போதுமா?

பல ஆப்களில் செல்ஃபி எடுத்துச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. சரிபார்ப்பு முடிந்தால் புரொஃபைலில் டிக் வந்துவிடும். ஆனால் அந்த டிக் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் போட்டோவில் இருக்கும் முகமும், செல்ஃபி எடுத்தவரின் முகமும் ஒன்று. அவர் பெயர் அதுதானா, அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாரா, கல்யாணம் ஆனவரா என்பதை செல்ஃபி சரிபார்ப்பு சொல்லாது.

அதற்காக அது பயனில்லாதது என்று இல்லை. வேறு யாரோ ஒருவரின் போட்டோவைத் திருடி வைத்திருப்பவர்களை அது வடிகட்டும். சந்திப்புக்கு முன் பத்து நிமிட வீடியோ காலும் அதே வேலையைச் செய்யும். வாரக்கணக்கில் சாட் செய்துவிட்டு, வீடியோ கால் என்றதும் "கேமரா ரிப்பேர்" என்பவரை நேரில் சந்திக்கவே தேவையில்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பெரும்பாலான ஆப்களில் ஒருவர் உங்களை "அன்மேட்ச்" செய்துவிட்டால், அவருடைய புரொஃபைலும் நீங்கள் பேசிய சாட்டும் உங்கள் பக்கத்திலிருந்தும் மறைந்துவிடும். மோசடி செய்பவர்கள் வேலை முடிந்ததும் முதலில் செய்வதும் இதைத்தான். பிறகு போலீஸில் காட்ட கையில் எதுவும் இருக்காது. அதனால் கிளம்புவதற்கு முன்பே புரொஃபைல், சாட், போன் நம்பர் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள்.

ஒரு சந்திப்பு, ஸ்டெப் பை ஸ்டெப்

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம். பெருங்குடி ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் 27 வயதுப் பெண் ஒருவர், ஆப்பில் மூன்று வாரமாகப் பேசும் ஒருவரைச் சந்திக்க முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

நேரம்: ஞாயிறு மாலை 4 மணி. இரவு நேரம் வேண்டாம் என்பதற்காக மட்டும் இல்லை. மாலை 4 மணிக்கு காபி குடித்துவிட்டுக் கிளம்புவது இயல்பாக இருக்கும். டின்னர் என்றால் பாதியில் எழுந்து வருவது கஷ்டம்.

இடம்: கிண்டியில், மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஏற்கனவே தோழிகளுடன் போய்ப் பழகிய ஒரு காபி ஷாப். வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் உள்ள கடை வேண்டாம் என்று தவிர்த்தார். சந்திப்பு சரியாக அமையாவிட்டால், தான் எந்த ஏரியா என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

போக்குவரத்து: போவதும் வருவதும் மெட்ரோவில். "நானே வந்து பிக்கப் பண்ணிக்கிறேன்" என்று அவர் சொன்னதற்கு, "பரவாயில்லை, நானே வந்துடுறேன்" என்று பதில். பிக்கப் என்றால் வீட்டு வாசல் அவருக்குத் தெரிந்துவிடும். திரும்பி வருவதும் அவர் விருப்பம் ஆகிவிடும்.

தகவல்: ஹாஸ்டல் ரூம்மேட்டிடம் எங்கே, யாரைப் பார்க்கப் போகிறார் என்று சொல்லி, புரொஃபைல் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பரையும் அனுப்பினார். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று பகிரலாம். இவர் 8 மணி நேரத்தைத் தேர்வு செய்தார். "5.30-க்கு நீ ஒரு போன் பண்ணு. நான் 'சாவி கிச்சன்ல இருக்கு'ன்னு சொன்னா, உடனே கிளம்பி வா" என்று ஒரு ஏற்பாடு.

இதை யாரிடமும் சொல்லாமல் போவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு. அம்மா அப்பாவிடம் சொல்ல முடியாத சூழ்நிலை பலருக்கு இருக்கிறது. அது புரிகிறது. ஆனால் அக்காவோ, கசினோ, ரூம்மேட்டோ, ஆபீஸ் தோழியோ, ஒரே ஒரு ஆளுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

கடையில்: "எனக்கு ஆறு மணிக்கு வேலை இருக்கு" என்று உட்கார்ந்ததும் சொல்லிவிட்டார். பில் வந்ததும் பாதிப் பாதி. ரெஸ்ட்ரூம் போய்விட்டு வந்ததும், மேஜையில் பாதி இருந்த காபியைக் குடிக்காமல் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டார்.

இதில் எதுவுமே எதிரில் இருப்பவரை அவமதிப்பது இல்லை. அவருமே தன் நண்பனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தால் அது நல்ல விஷயம்தான். டெல்லி வழக்கில் பணத்தை இழந்தது ஒரு ஆண். பாதுகாப்பு என்பது பெண்களுக்கு மட்டுமான பாடம் இல்லை.

எதைச் சொல்லாமல் இருக்கலாம், எதை மறைக்கக் கூடாது?

பாதுகாப்புக்காக வீட்டு முகவரி, முழுப் பெயர், கம்பெனி பெயர், சம்பளம் எல்லாவற்றையும் முதல் சந்திப்பு வரை சொல்லாமல் இருக்கலாம். கழுத்தில் ஐடி கார்டு தெரியும் போட்டோ, வண்டி நம்பர் தெரியும் போட்டோ வேண்டாம். இதற்குப் பெயர் பொய் இல்லை. "அதை நேர்ல பார்த்த பிறகு சொல்றேன்" என்று சொன்னாலே போதும்.

ஆனால் எதிரில் இருப்பவர் வரலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கக் காரணமான விஷயங்கள் வேறு. கல்யாணம் ஆனவரா, விவாகரத்து வழக்கு நடக்கிறதா, குழந்தை இருக்கிறதா, உண்மையான வயது என்ன, தேடுவது கல்யாணமா அல்லது சும்மா பழகிப் பார்ப்பதா என்பவை அவை. இவற்றைச் சந்திப்புக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன் எடுத்த போட்டோவை வைத்திருப்பதும் இதே கணக்கில்தான் வரும்.

ஒரு சின்ன அளவுகோல்: இந்த விஷயம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டார் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? அப்படியென்றால் அதைத்தான் நீங்கள் முதலில் சொல்ல வேண்டும்.

இதில் நேர்மை மட்டும் இல்லை, சட்டமும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-வது பிரிவு, நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கல்யாணம் செய்துகொள்வதாக வாக்குக் கொடுத்தோ, வேறு வஞ்சகமான வழியிலோ ஒரு பெண்ணுடன் உடலுறவு கொள்வதைக் குற்றம் என்கிறது. தண்டனை 10 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். வேலை வாங்கித் தருகிறேன், பதவி உயர்வு தருகிறேன் என்று ஏமாற்றுவதும், அடையாளத்தை மறைத்துத் திருமணம் செய்வதும் இந்த வஞ்சகத்தில் சேரும்.

அதே நேரம், பழகிப் பிரிந்தாலே வழக்கு என்று இதற்கு அர்த்தம் இல்லை. உண்மையான எண்ணத்தோடு சொன்ன வாக்கு பிறகு நிறைவேறாமல் போவதும், ஆரம்பத்திலேயே பொய்யாகக் கொடுத்த வாக்கும் வேறு வேறு என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் பிரமோத் சூர்யபான் பவார் வழக்கில் பிரித்துக் காட்டியது. அந்தத் தீர்ப்பு பழைய சட்டத்தின் கீழ் வந்தது. சொன்ன நேரத்தில் மனதில் என்ன இருந்தது என்பதுதான் அதில் கேள்வி. "எனக்கு இப்போ கல்யாண ஐடியா இல்லை" என்று ஆரம்பத்திலேயே சாட்டில் எழுதியவருக்கும், ஒத்துக்கொள்ள வைப்பதற்காக "அடுத்த தை மாசம் கல்யாணம்" என்று அடித்துவிட்டவருக்கும் உள்ள தூரம் அதுதான்.

பொய்தான் மிரட்டுபவர்களின் முதலீடு

கஃபே பில் தவிர இன்னொரு பெரிய ஆபத்து, மிரட்டல். அந்தரங்கப் போட்டோவையோ வீடியோ காலில் பதிவு செய்ததையோ வைத்துக்கொண்டு "பணம் போடு, இல்லைன்னா உன் காண்டாக்ட்ல இருக்க எல்லாருக்கும் அனுப்புவேன்" என்பார்கள்.

இதில் யார் சீக்கிரம் மாட்டுகிறார்கள்? மறைக்க அதிகம் இருப்பவர்கள். மனைவிக்குத் தெரியாமல் "சிங்கிள்" என்று ஆப்பில் இருப்பவர் போலீஸுக்குப் போக மாட்டார் என்பது மிரட்டுபவருக்குத் தெரியும். சொன்ன பொய்யே அவருக்குச் சங்கிலி ஆகிறது.

எந்தத் தப்பும் செய்யாமல், சமூகத்துக்குப் பயந்து மறைக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களும் மாட்டுகிறார்கள். தன்பால் ஈர்ப்பாளர்களைத் தனி அறைக்கு வரவழைத்து, அடித்து, பணத்தைப் பறித்து, "வீட்ல சொல்லிடுவோம்" என்று மிரட்டிய சம்பவங்கள் நாட்டின் பல நகரங்களில் பதிவாகியுள்ளன. இவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: வயது வந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் தன்பால் உறவு குற்றம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ம் தேதியே தீர்ப்பளித்துவிட்டது. புகார் கொடுக்கப் போனால் குற்றவாளி நீங்கள் இல்லை, மிரட்டியவர்தான்.

மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்?

கஃபேயில் அநியாய பில்லைக் கொடுத்து வெளியே விடவில்லை என்றால், அங்கிருந்தே 112-க்கு அழையுங்கள். பணம் கட்டாததற்காக ஒருவரை அடைத்து வைக்க எந்தக் கடைக்கும் அதிகாரம் இல்லை. அது சட்டவிரோதமாக அடைத்து வைக்கும் குற்றம். மிரட்டிப் பணம் வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 308-வது பிரிவின் கீழ் பணப்பறிப்பு. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் காவல்துறையின் "காவல் உதவி" ஆப்பில் உள்ள அவசர பட்டனையும் அழுத்தலாம்.

அடிப்பார்கள் என்ற நிலை வந்தால் வாக்குவாதம் வேண்டாம். உயிர்தான் முக்கியம். ஆனால் கொடுப்பதைக் கையில் பணமாகக் கொடுக்காமல் யுபிஐ-யில் கொடுங்கள். யார் கணக்குக்குப் போனது, எத்தனை மணிக்குப் போனது என்பதற்கு அதுவே சாட்சி. பில்லைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

ஆன்லைனில் பணம் போட்டு ஏமாந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தகவல் போனால்தான் அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் அந்த வாய்ப்பு குறையும்.

போட்டோவை வைத்து மிரட்டினால் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். முதல் தொகை போனதும் இரண்டாவது தொகைதான் கேட்பார்கள். சாட்டை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள். StopNCII.org என்ற இலவசத் தளத்தில், 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் அந்தப் போட்டோவை அப்லோட் செய்யாமலே அதன் டிஜிட்டல் ரேகையை மட்டும் பதிவு செய்யலாம். அதில் இணைந்துள்ள சமூக வலைதளங்களில் அந்தப் படம் பரவாமல் தடுக்க அது உதவும். எல்லாத் தளங்களும் அதில் இல்லை, வாட்ஸ்அப்பில் தனிப்பட்ட முறையில் அனுப்புவதையும் அது தடுக்காது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

வேறு ஊரில் நடந்த சம்பவம், அங்கே போய்த்தான் புகார் கொடுக்க வேண்டுமா என்ற சந்தேகம் பலருக்கும் வரும். தேவையில்லை. எல்லை பார்க்காமல் எந்தக் காவல் நிலையத்திலும் "ஜீரோ எஃப்ஐஆர்" பதியலாம். பிறகு அது உரிய நிலையத்துக்கு மாற்றப்படும்.

டெல்லி இளைஞரிடம் மீண்டும் வருவோம். தேர்வுக்குப் படிக்கும் பையன் டேட்டிங் போய் ஏமாந்தான் என்று ஊரே பேசும் என்று அவர் பயந்து சும்மா இருந்திருக்கலாம். அந்தக் கஃபேயும் அதைத்தான் நம்பியிருக்கும். அவர் ஸ்டேஷன் படியேறினார். வழக்கும் வந்தது, கைதும் நடந்தது, பங்கு பிரித்த கணக்கும் வெளியே வந்தது.